தானியங்கிச் செடி நீரூற்றும் கருவிக்குத் திட்ட அறிக்கைச் சுருக்கம் எழுதுவது எப்படி?

இறுதியாண்டுத் திட்டத்துக்கான கருவி வேலை செய்கிறது, அறிக்கையும் ஏறக்குறைய முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது முதலில் வரும் சுருக்கம் மட்டும்தான். பெரும்பாலான அணிகள் அறிமுக அத்தியாயத்திலிருந்து நாலு வரியை எடுத்து ஒட்டி அதை முடித்துவிடுகின்றன. மதிப்பீட்டாளர் முதலில் படிப்பது இந்த ஒரு பத்தியைத்தான். அதைப் படித்துவிட்டுத்தான், உள்ளே எதைத் தேட வேண்டும் என்று அவர் முடிவு செய்கிறார்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்தே போவோம். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் மூவர், வீவக வீட்டுத் தாழ்வாரத்தில் இருக்கும் துளசித் தொட்டிக்குத் தானாகத் தண்ணீர் ஊற்றும் கருவி ஒன்றைச் செய்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அர்டுவினோ நானோ பலகை, மின்தேக்க வகை மண் ஈரப்பத உணரி, 5 வோல்ட் குட்டி பம்ப், அதை இயக்க ஒரு மாஸ்ஃபெட், மூடி போட்ட தண்ணீர் டப்பா. அவ்வளவுதான். இங்கே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. உங்கள் அறிக்கையில் உங்கள் எண்களைப் போட வேண்டும்.

அவர்களின் முதல் வரைவு இப்படி இருக்கும்:

"தண்ணீர் ஓர் அரிய வளம். இத்திட்டத்தில் அர்டுவினோ நானோ, ஈரப்பத உணரி, பம்ப் ஆகியவற்றைக் கொண்டு குறைந்த செலவில் தானியங்கி நீரூற்றும் கருவி உருவாக்கப்பட்டது. மண்ணின் ஈரப்பதம் 47 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பம்ப் தானாக ஓடும். இக்கருவி தண்ணீரைப் பெருமளவு சேமிக்கும்."

பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் "குறைந்த செலவு" என்றால் எவ்வளவு? "பெருமளவு" என்றால் எதைவிட? அந்த 47 எங்கிருந்து வந்தது? மூன்றுக்குமே பதில் இல்லை. கருவியில் என்னென்ன பாகங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். சோதித்துப் பார்த்து என்ன தெரிந்தது என்று சொல்லவில்லை.

படி 1: முடிவு வாக்கியத்தை முதலில் எழுதுங்கள்

சுருக்கத்தை முதல் வரியிலிருந்து தொடங்காதீர்கள். சோதனைக் குறிப்பேட்டைத் திறந்து, மிக முக்கியமான முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். மற்ற வாக்கியங்களை அதற்கு முன்னும் பின்னும் வைத்துக்கொள்ளலாம்.

நம் அணி ஒரே அளவுத் தொட்டி இரண்டில் ஒரே மண்ணைப் போட்டு, ஒரே வயதுத் துளசியை நட்டது. ஒன்றுக்குக் கையால் தினமும் 300 மில்லிலிட்டர். மற்றொன்றைக் கருவி பார்த்துக்கொண்டது. 14 நாள் முடிவில் கையால் ஊற்றியது 4,200 மில்லிலிட்டர். கருவியின் டப்பாவிலிருந்து செலவானது 2,700. வித்தியாசம் 1,500, அதாவது ஏறத்தாழ 36 விழுக்காடு.

"36 விழுக்காடு தண்ணீர் மிச்சம்" என்று எழுதக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். தினமும் 300 என்று முடிவு செய்தது யார்? நீங்கள்தான். 500 ஊற்றியிருந்தால் மிச்சம் 60 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். 200 ஊற்றியிருந்தால் மிச்சம் வெறும் 100 மில்லிலிட்டர்தான். ஆகவே எதோடு ஒப்பிட்டீர்கள் என்பதும் அதே வாக்கியத்தில் வர வேண்டும். கையால் ஊற்றிய தொட்டியின் அடித்தட்டில் தினமும் தண்ணீர் வடிந்து நின்றதா என்றும் பாருங்கள். நின்றிருந்தால் அந்த 300 தேவைக்கு அதிகம், உங்கள் மிச்சமும் ஊதிப்போனதுதான். ஏடிஸ் கொசு முட்டையிடத் தேடுவதும் அந்தத் தட்டுத் தண்ணீரைத்தான் என்பதால், அதை எப்படியும் தினமும் கொட்டியாக வேண்டும். கொட்டும்போது அளந்து குறித்துவிட்டால் ஒப்பீடு நேர்மையாகிவிடும்.

இன்னொன்று, கைக்கு ஒன்று, கருவிக்கு ஒன்று என இரண்டே தொட்டி வைத்துச் செய்த சோதனை இது. "கருவி தண்ணீரைச் சேமிக்கும்" என்று பொதுவாகச் சொல்ல அது போதாது. "இந்தச் சோதனையில் குறைவாகச் செலவானது" என்று இறந்தகாலத்தில் எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது.

படி 2: அந்த 47 விழுக்காட்டை விட்டுவிடுங்கள்

நான் பார்த்த வரைவுகளில் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இந்த உணரி ஈரப்பதத்தை நேரடியாக அளப்பதில்லை. மண் நனைய நனைய அதன் மின்தேக்கம் மாறுகிறது, அதற்கேற்ப வெளிவரும் மின்னழுத்தம் இறங்குகிறது, அர்டுவினோ அதை ஓர் எண்ணாகப் படிக்கிறது. நம் அணிக்குக் காற்றில் பிடித்தபோது 590, உணரியில் உள்ள கோடு வரை தண்ணீரில் முக்கியபோது 290 கிடைத்தது. துளசி வாடத் தொடங்கும் முன் ஊற்ற வேண்டும் என்று 450-ஐ எல்லையாக வைத்தார்கள். அப்புறம் இப்படிக் கணக்குப் போட்டார்கள்:

```
(590 - 450) / (590 - 290) * 100 = 46.7
```

இதுதான் அந்த 47. காற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவில் உணரி எங்கே நிற்கிறது என்று மட்டும் இது சொல்கிறது. மண்ணில் நூற்றுக்கு 47 பங்கு தண்ணீர் இருக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. உணரியைச் சுற்றி மண் தளர்வாக இருந்தாலே இந்த எண் மாறிவிடும்.

உண்மையான ஈரத்தைச் சொல்ல வேண்டுமானால் எடை போட்டுப் பார்க்க வேண்டும். உணரி 450 காட்டும்போது அதை ஒட்டிய மண்ணை எடுத்து எடை போடுங்கள். ஆய்வகச் சூளையில் 105 டிகிரி செல்சியசில் 24 மணி நேரம் உலர்த்தி மறுபடி எடை போடுங்கள். 200 கிராம் மண் 150 கிராமாக இறங்கினால், போன தண்ணீர் 50 கிராம். உலர்ந்த மண்ணின் எடையில் அது 33 விழுக்காடு. உணரி 47 என்றது, தராசு 33 என்கிறது.

சூளை கிடைக்கவில்லையா? பரவாயில்லை. சுருக்கத்தில் விழுக்காடே வேண்டாம். "உணரி அளவு 450-ஐத் தாண்டியபோது" என்று எழுதுங்கள். அது நீங்கள் உண்மையிலேயே பார்த்த எண்.

படி 3: செலவுக்கு ஒரு தொகை

"குறைந்த செலவு" என்று முதல் வரைவிலேயே சொல்லியிருப்பதால் சுருக்கத்தில் வெள்ளிக் கணக்கு வந்தே ஆக வேண்டும். சிம் லிம் டவரில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் ரசீதுகளை எடுத்துக் கூட்டுங்கள். நம் அணிக்குப் பலகை, உணரி, பம்ப், மாஸ்ஃபெட், குழாய் எல்லாம் சேர்த்து 22 வெள்ளி. பாதுகாப்பு முத்திரை உள்ள அடாப்டரையும் டப்பாவையும் சேர்த்தால் 34. இதில் 34-ஐத்தான் எழுத வேண்டும். அடாப்டர் இல்லாமல் கருவி ஓடாது. வீட்டில் கிடந்த பழைய அடாப்டரைப் பயன்படுத்தியிருந்தால், "அடாப்டர் நீங்கலாக" என்று இரண்டு சொல் சேர்த்துவிடுங்கள், போதும்.

படி 4: எங்கே தவறும் என்பதற்கு ஒரு வாக்கியம்

தானியங்கி என்றதும் மதிப்பீட்டாளர் மனத்தில் எழும் கேள்வி, "உணரி மண்ணிலிருந்து கழன்றுவிட்டால்?" என்பதுதான். காற்றில் தொங்கும் உணரி 590 காட்டும். கருவியோ மண் காய்ந்துவிட்டது என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருக்கும்.

நம் அணி ஒரு தடவைக்கு 5 வினாடி, பிறகு அரை மணி நேரம் இடைவெளி என்று வைத்திருந்தது. 5 வினாடிக்குச் சுமார் 100 மில்லிலிட்டர் வருகிறது. பாதுகாப்பாகத்தான் தெரியும். ஆனால் நாளுக்கு 48 அரை மணி நேரம் இருக்கிறது: 48 தடவை, 4.8 லிட்டர். டப்பாவில் இருக்கும் தண்ணீர் முழுக்கத் தாழ்வாரத்துக்கு வந்து, அண்டை வீட்டு வாசல்வரை ஓடிவிடும். அதனால் ஒரு நாளுக்கு நான்கு தடவைதான் என்று உச்சவரம்பு சேர்த்தார்கள்:

```
if (reading > 450 && todayCount < 4 &&
    millis() - lastWater > 1800000UL) {
  digitalWrite(PUMP, HIGH);
  delay(5000);
  digitalWrite(PUMP, LOW);
  lastWater = millis();
  todayCount++;
}
```

`todayCount` 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பூச்சியமாக வேண்டும். பிறகு உணரியை வேண்டுமென்றே பிடுங்கிவிட்டு ஒரு நாள் முழுக்க ஓடவிட்டார்கள். 400 மில்லிலிட்டரோடு நின்றது. சுருக்கத்துக்கு இது நல்ல வாக்கியம். நிரல் வரிகளுக்கு அங்கே இடமில்லை. இந்த முடிவுக்கு இடம் உண்டு.

சோதிக்காததையும் சொல்லிவிடுங்கள். 14 நாள் சோதனை, உணரி எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லாது. மின்தேக்க உணரிப் பலகையின் வெட்டு விளிம்பு வழியாக ஈரம் ஏறி அளவு நகர்ந்துபோவது உண்டு. அதைப் பற்றிச் சுருக்கத்தில் அரை வாக்கியம் போதும், விவரம் உள்ளே இருக்கட்டும்.

படி 5: தொடக்க வரி கடைசியில்

"தண்ணீர் ஓர் அரிய வளம்" என்பது எந்த நீர்த் திட்டத்துக்கும் பொருந்தும். உங்கள் கருவி எந்த வீட்டில் எந்தச் சிக்கலைத் தீர்க்கிறது என்று எழுதுங்கள். டிசம்பர் விடுமுறையில் இரண்டு வாரம் ஊருக்குப் போகும் குடும்பம், தாழ்வாரத்துத் தொட்டி, ஊற்ற ஆள் இல்லை. சோதனைக்கு 14 நாள் எடுத்ததன் காரணமும் இதிலேயே வந்துவிடுகிறது.

எல்லாம் சேர்ந்தால்:

"வீவக வீட்டினர் இரண்டு வாரம் வெளியூர் செல்லும்போது தாழ்வாரத் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. இதற்காக, மண் ஈரப்பத உணரியின் அளவைப் பார்த்து 5 வோல்ட் பம்ப்பை இயக்கும் கருவி ஒன்று, அடாப்டர் உட்பட 34 வெள்ளி செலவில் உருவாக்கப்பட்டது. உணரி அளவு 450-ஐத் தாண்டும்போது கருவி சுமார் 100 மில்லிலிட்டர் ஊற்றும். அரை மணி நேர இடைவெளியும் நாளுக்கு நான்கு தடவை என்ற உச்சவரம்பும் உண்டு. ஒரே மாதிரியான இரு துளசித் தொட்டிகளில் 14 நாள் நடந்த சோதனையில், தினமும் கையால் 300 மில்லிலிட்டர் ஊற்றிய தொட்டியைவிடக் கருவி ஊற்றிய தொட்டிக்கு 36 விழுக்காடு குறைவாகத் தண்ணீர் செலவானது. இரு செடிகளும் வாடவில்லை. உணரியைப் பிடுங்கிச் சோதித்தபோது 24 மணி நேரத்தில் 400 மில்லிலிட்டருக்கு மேல் வெளியேறவில்லை. பல செடிகளிலும் நீண்ட காலத்துக்கும் கருவி சோதிக்கப்படவில்லை."

உங்கள் துறை 250 சொல்லுக்கு மிகாமல் கேட்டால், ஆங்கிலத்தில் எழுதும்போது இது அந்த அளவுக்குள் அடங்கிவிடும். முதலில் தமிழில் எழுதிச் சரிபார்த்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போவதில் தவறே இல்லை. படமும் மேற்கோள் எண்ணும் இதில் வேண்டாம்.

கொடுப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி. சுருக்கத்தில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் அடிக்கோடிட்டு, அது முடிவுகள் அத்தியாயத்தில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். பக்கம் கிடைக்காத எண்ணை எடுத்துவிடுங்கள். உள்ளே 35.7 என்றும் சுருக்கத்தில் 36 என்றும் இருந்தால், இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். அட்டையில் இருக்கும் தலைப்பையும் இதோடு ஒப்பிடுங்கள். கருவியில் இணைய இணைப்பு இல்லாதபோது தலைப்பில் "ஸ்மார்ட்" என்றோ "பொருள்களின் இணையம்" என்றோ இருந்தால், அந்தச் சொல்லை அடித்துவிட்டு மேற்பார்வை ஆசிரியரிடம் தலைப்பை மாற்ற ஒப்புதல் வாங்குங்கள்.