டோனான் சமநிலைக் கணக்கு: வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

டயாலிசிஸ் பைக்குள் அல்புமின் கரைசல். வெளியே பெரிய பீக்கரில் உப்புநீர். சோடியமும் குளோரைடும் பையின் சவ்வைக் கடக்கும், புரதம் கடக்காது. 1911-இல் டோனான் ஆராய்ந்த நிலை இதுதான். கணக்கு எளிதாகத் தெரியும். விடை தப்பும் இடங்கள் மட்டும் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன.

எண்களோடு பார்ப்போம். சமநிலையில் பைக்குள் புரதம் 1 மில்லிமோலார். ஒவ்வொரு மூலக்கூறிலும் 20 எதிர்மின்சுமை இருப்பதாகக் கொள்வோம். வெளியே சோடியம் குளோரைடு 24 மில்லிமோலார். பீக்கர் மிகப் பெரியது, அதனால் வெளியே உள்ள செறிவு மாறாது.

பலர் முதலில் எழுதுவது, சிறிய அயனிகள் தாராளமாகக் கடப்பதால் உள்ளேயும் 24, வெளியேயும் 24 என்று. மின்சுமையைக் கூட்டிப் பார்த்தாலே இது உடைந்துவிடும். உள்ளே நேர்மின்சுமை 24, எதிர்மின்சுமையோ குளோரைடின் 24-உம் புரதத்தின் 20-உம் சேர்ந்து 44. எந்தக் கரைசலும் இப்படி நிற்காது. சமமாக வேண்டியது தனித்தனிச் செறிவு அல்ல, சோடியம், குளோரைடு செறிவுகளின் பெருக்கல்தொகை. புரதத்தின் மின்சுமையை ஈடுகட்ட அதோடு இருக்கும் சோடியத்தையும் விட்டுவிடக் கூடாது. உள்ளே குளோரைடு x என்றால் சோடியம் 20 + x:

```
(20 + x) × x = 24 × 24
x = 16
```

உள்ளே சோடியம் 36, குளோரைடு 16. பெருக்கினால் 576, வெளியேயும் 576. இங்கே 20-க்குப் பதில் புரதத்தின் மோலார் செறிவான 1-ஐப் போடுவது அடுத்த தவறு. அப்போது x கிட்டத்தட்ட 23.5 என வரும், டோனான் விளைவே இல்லாதது போலத் தோன்றும். இந்தச் சமன்பாட்டுக்கு வேண்டியது மூலக்கூறுகளின் எண்ணிக்கை அல்ல, அவை சுமக்கும் மின்சுமை.

பாடநூல்களில் வரும் `x = c₂² / (c₁ + 2c₂)` என்ற சூத்திரத்தை இந்தப் பைக்கு அப்படியே பொருத்துவோரும் உண்டு. அது இரு பக்கமும் கன அளவு சமமாக இருந்து, தொடக்கத்தில் உப்பு முழுவதும் ஒரே பக்கம் இருந்தால் மட்டும் செல்லும். அதில் புரதப் பக்கத்து மின்சுமையான c₁-க்கு 20, உப்பின் தொடக்கச் செறிவான c₂-க்கு 24 என்று போட்டால் x = 8.5 என வரும். இந்தப் பையின் விடைக்கு அது ஏறக்குறைய பாதிதான். புரதச் செறிவையும் சமநிலைக்குப் பிறகே அளக்க வேண்டும். பை தளர்வாக இருந்தால் நீர் உள்ளே புகுந்து புரதம் நீர்த்துப்போயிருக்கும்.

சோடியத்தின் விகிதம் 36/24, அதாவது 1.5. குளோரைடுக்கு அது தலைகீழாகும். ஹைட்ரஜன் அயனியும் ஒற்றை நேர்மின்சுமை உடையது என்பதால் உள்ளே 1.5 மடங்கு கூடும். பீக்கரில் பி.எச். 7.40 என்றால் பைக்குள் 7.22. வெளியே அளந்த பி.எச்.-ஐ உள்ளேயும் அதுவே என்று குறித்துக்கொள்வது இதனால்தான் ஆபத்து. சிறிதளவு கால்சியம் இருந்தால் அதற்கு 1.5 போதாது; இரட்டை மின்சுமை என்பதால் விகிதம் வர்க்கமாகி 2.25 ஆகும். 25 டிகிரி செல்சியஸில் மின்னழுத்த வேறுபாடு:

```
25.7 × ln(1.5) = 10.4 mV
```

புரதம் உள்ள பக்கம்தான் எதிர்மின். உள்ளே சோடியம் கூடுதலாக இருக்கிறதே, அது நேர்மின்னாகத்தானே இருக்கும் என்று நினைத்துக் குறியை மாற்றிவிடுவது சகஜம். காரணத்தைத் திருப்பிப் பாருங்கள்: உள்பக்கம் எதிர்மின்னாக இருப்பதால்தான் அவ்வளவு சோடியம் அங்கே தங்குகிறது.

பெரிய இழப்பு சவ்வூடுபரவல் அழுத்தத்தில்தான். பெருக்கல்தொகை சமம் என்பதற்காகக் கூட்டுத்தொகையும் சமமாகிவிடாது. உள்ளே 36 + 16 + 1 = 53, வெளியே 48. புரதம் இங்கே 1 என்றே சேரும், 20 என்றல்ல. இம்முறை எண்ணுவது துகள்களை. வேறுபாடு 5 மில்லிமோலார், அழுத்தம் சுமார் 0.12 வளிமண்டலம். அழுத்தம் முழுவதும் புரதத்தால் வந்தது என்று எடுத்துக்கொண்டு மூலக்கூறு எடையைக் கணக்கிட்டால், 66,500 வரவேண்டிய இடத்தில் 13,300 வரும்.

உப்பைக் கூட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். எவ்வளவு கூட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெளியே 240 மில்லிமோலார் வைத்தாலும் வேறுபாடு 1.42, பிழை இன்னும் 42 சதவீதம். 1000 வைத்தால்தான் 1.10-க்கு இறங்கும். புரதத்தின் நிகர மின்சுமை சுழியாகும் பி.எச்.-இல் அளப்பது இதைவிட நேரான வழி. ஆனால் பல புரதங்கள் அந்த நிலையில் எளிதில் திரண்டு படியும், அதனால் கரைசல் கலங்குகிறதா என்று பார்த்த பிறகே அளவை எடுக்க வேண்டும்.