ஆய்வு இடைவெளியை நான் திருத்தி எழுதிய விதம்

உதகையில் வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கும் குறுந்தொழில்களின் கடன் தேவை குறித்த முன்மொழிவில், "நீலகிரியில் இத்தகைய ஆய்வு நடைபெறவில்லை" என்பதையே ஆய்வு இடைவெளியாகக் காட்டியிருந்தேன். "வால்பாறையிலும்தான் நடைபெறவில்லை; அதனால் என்ன?" என்று நெறியாளர் ஓரத்தில் எழுதித் திருப்பியனுப்பினார்.

என் இலக்கிய மீளாய்வு, பத்திக்கு ஓர் ஆசிரியர் என்று வெறும் சுருக்கங்களாகவே நீண்டிருந்தது. ஆகவே கட்டுரைக்கு ஒரு வரிசை வீதம் அட்டவணையிட்டு, தொழிலின் வரையறை, தரவின் கால அளவு, முடிவு என்று பிரித்து, ஒவ்வொரு நெடுவரிசையையும் மேலிருந்து கீழாகப் படித்தேன். 2020-க்கு முன் குறு உற்பத்தித் தொழிலுக்கு முதலீட்டு வரம்பு 25 லட்சம் ரூபாய். 2020-இல் அது ஒரு கோடியாகி, விற்றுமுதல் வரம்பும் சேர்ந்ததால், பழைய முடிவுகளைப் புதியவற்றோடு அப்படியே ஒப்பிட முடியாது. அதைவிட முக்கியமாக, என்னிடமிருந்த கட்டுரைகள் அனைத்தும் ஆண்டுக் கணக்கையே பயன்படுத்தியிருந்தன. ஏப்ரல், மே சீசனில் புரளும் பணம் மழை மாதங்களில் வற்றுவது அதில் தெரியாது.

"ஆண்டுத் தரவில் கடன் தேவையற்றதாகத் தோன்றும் பருவத் தொழில், மாதத் தரவிலும் அவ்வாறே தோன்றுமா என்பது ஆராயப்படவில்லை" என்று திருத்தினேன். நெறியாளர் அதில் "பரிசீலித்த ஆய்வுகளில்" என்பதை மட்டும் சேர்த்தார்.