சிங்க்கில் பாத்திரம், நள்ளிரவில் ஸ்பீக்கர்: அறைத் தோழருக்கு எழுதுவது எப்படி?

வேளச்சேரியில் இருவர் பகிர்ந்து தங்கும் வீடு என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குக் காலை வேலை. மற்றவர் ஷிஃப்ட் முடிந்து இரவு வந்து சமைத்துச் சாப்பிடுபவர்.

முதல் படி, நேரம். ராத்திரி ஒரு மணிக்குத் தூக்கம் கெட்ட எரிச்சலில் எழுதாதீர்கள். மறுநாள் மாலை, அவர் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இல்லாதபோது அனுப்புங்கள். அவருக்கு மட்டும் அனுப்புங்கள். நண்பர்கள் குழுவில் போட்டால் பாத்திரம் மறந்து மானப் பிரச்சினை ஆகிவிடும்.

அடுத்து, கண்ணால் பார்த்ததை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தப் பாத்திரம், எந்த நாள், அதனால் உங்களுக்கு என்ன தடைப்பட்டது. "நீ எப்போதுமே இப்படித்தான்" என்று எழுதினால், கழுவி வைத்த ஒரு நாளை அவர் உடனே எடுத்துக்காட்டுவார். அத்தோடு பேச்சு திசைமாறிவிடும்.

மூன்றாவது படிதான் முக்கியம். புகாரோடு நிறுத்தாமல், என்ன செய்ய வேண்டும் என்பதை நேரத்தோடு கேளுங்கள். "கொஞ்சம் பார்த்துக்கொள்" என்பதற்கு ஆளுக்கொரு பொருள். இப்படி எழுதலாம்:

"நேற்று ராத்திரி சாம்பார் வைத்த குக்கர் காலையில் அப்படியே சிங்க்கில் கிடந்தது. திங்கட்கிழமையும் இதேதான். அடிப்பிடித்ததைத் தேய்த்துவிட்டு அரிசி வைப்பதற்குள் எனக்கு பஸ் போய்விட்டது. இனி நீ சமைத்த பாத்திரத்தைப் படுக்கும் முன் கழுவிவிடு. ரொம்பக் களைப்பாக இருந்தால் குக்கரை மட்டுமாவது கழுவிவிடு. மற்றதை ஊறப்போட்டு, எழுந்ததும் தேய்த்துக்கொள்.

இன்னொன்று. வந்ததும் நீ வீட்டுக்குப் பேசுவதில் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஹாலில் ஸ்பீக்கர் போட்டுப் பேசினால் என் தூக்கம் போய்விடுகிறது. 11 மணிக்கு மேல் ஹெட்போன் போட்டுக்கொள். காலையில் நான் மிக்ஸி ஓட்டுவது உனக்குத் தொந்தரவா? சொல், மாலையே சட்னி அரைத்து வைத்துவிடுகிறேன்."

மிக்ஸி வரி ஒப்புக்குச் சேர்த்ததல்ல. நள்ளிரவு தாண்டிப் படுப்பவருக்குக் காலை ஆறு மணிதான் நடுநிசி. அவர் "ஆமாம்" என்றால் நீங்களும் மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு மனமில்லை என்றால் அந்த வரியை எழுதாதீர்கள்.

அனுப்பும் முன் ஒரு முறை வாசித்துப் பாருங்கள். "தப்பாக நினைக்காதே", "கோபமாக இருந்தால் மன்னித்துவிடு" போன்றவை இருந்தால் எடுத்துவிடுங்கள். கேட்டதை நீங்களே திரும்ப வாங்கிக்கொண்டது போலாகும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிக் கட்டுப்பாட்டு நேரம் என்று இந்திய அரசின் 2000ஆம் ஆண்டு விதிகள் சொல்வது உண்மைதான். ஆனால் ஒரே குக்கரில் சமைப்பவரிடம் சட்டம் பேசுவது வீட்டு உரிமையாளரை இழுப்பதற்குச் சமம்.

நீல டிக் விழுந்தும் பதில் வராவிட்டால் இரண்டாவது செய்தி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை டீ போடும்போது, "குக்கர் விஷயம் எழுதியிருந்தேனே, உனக்குச் சரிப்படுமா?" என்று நேரிலேயே கேட்டுவிடுங்கள்.