பிழை வரம்பைச் சரிபார்க்கும்போது சறுக்கும் இடங்கள்

தேர்தல் நெருங்கினால் செய்திமேசைக்குப் புதிதாக வந்தவர்கள் கருத்துக்கணிப்பு அறிக்கையும் கையுமாக வந்து நிற்பார்கள். கூட்டினால் நூறு வருகிறதா என்பதையெல்லாம் அவர்களே பார்த்துவிடுகிறார்கள். நாங்கள் ஒரு காலத்தில் விழுந்த குழிகளில்தான் இவர்களும் விழுகிறார்கள்.

மொத்த வரம்பை மண்டலத்துக்கும் போடுவது

இன்னும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். மாதிரி 2,400 பேர், பிழை வரம்பு ±2% என்று அறிக்கையின் முதல் பக்கம் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 95% நம்பக மட்டத்தில், அதாவது இதே கணிப்பை நூறு முறை நடத்தினால் சுமார் 95 முறை உண்மை வரம்புக்குள் விழும் என்ற கணக்கில், இதைச் சரிபார்க்க ஒரு வரி போதும். 98 என்பது இந்த மட்டத்துக்கான மாறாத எண்:

```
98 / √2400 = 2.0
```

கணக்கு சரி. பக்கத்தைப் புரட்டினால் மேற்கு மண்டலத்தில் முதல் கட்சிக்கு 41%, இரண்டாவது கட்சிக்கு 36%. ‘ஐந்து புள்ளி முன்னிலை, வரம்போ இரண்டுதான், ஆகவே உறுதியான வெற்றி’ என்று தலைப்புச் செய்தி தயாராகிவிடும். ஒரு தம்பி இப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தார். “அந்த மண்டலத்துல எத்தனை பேர்கிட்ட கேட்டாங்க?” என்றேன். கடைசிப் பக்க அட்டவணையில் பார்த்துவிட்டு, “240 பேர், சார்” என்றார்.

240 பேருக்கு வரம்பு ±6.3. மாதிரி பத்தில் ஒன்றானால் வரம்பு மூன்று மடங்குக்கு மேல் விரியும். முதல் கட்சி 35 முதல் 47 வரை எங்கும் இருக்கலாம். இரண்டாவது 30 முதல் 42 வரை. அதோடு முடியவில்லை. ±6.3 என்பது ஒரு கட்சியின் சதவீதத்துக்குத்தான். ஒருவர் ஏறினால் பெரும்பாலும் மற்றவர் இறங்குவார் என்பதால், இருவருக்கும் இடையிலான வித்தியாசத்தின் வரம்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். இங்கே அது சுமார் ±11. அதாவது அந்த ஐந்து புள்ளி முன்னிலை, 6 புள்ளி பின்தங்கலாகவும் இருக்கலாம். அந்தச் செய்தி அன்று போகவில்லை.

கச்சிதமாகப் பொருந்தினால் நிம்மதியடைவது

பொருந்தாத எண்ணைச் சந்தேகிக்கிறோம். பொருந்துகிற எண்ணையும் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும். 98-ஐ வைத்துப் போடும் கணக்கு, வாக்காளர்களைத் தனித்தனியாகக் குலுக்கல் முறையில் எடுத்தால் மட்டுமே செல்லும். களத்தில் 120 இடங்களுக்குப் போய், இடத்துக்கு 20 பேர் என்று கேட்கிறார்கள். ஒரே தெருக்காரர்கள் பல விஷயங்களில் ஒரே மாதிரி யோசிப்பார்கள். இதனாலும், பிறகு எடையிட்டுச் சரிசெய்வதாலும், 2,400 பேர் 1,200 பேருக்குச் சமமாகச் சுருங்கினால் உண்மையான வரம்பு ±2.8. அறிக்கை அப்போதும் மிகச்சரியாக 2.0 என்றே சொன்னால், இந்தச் சுருக்கத்தை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை என்று பொருள்.

நம்பக மட்டத்தைப் பார்க்காமல் விடுவது

1,000 பேருக்கு ±2% என்றால், அது 80% மட்டத்தில் போட்ட கணக்கு. 95% மட்டத்தில் ±3.1.

‘ஆறு கோடி வாக்காளருக்கு 2,400 பேர் போதுமா?’

போதும். சூத்திரத்தில் ஆறு கோடி வரவே வராது.

பெரிய மாதிரியைக் கண்டு மயங்குவது

1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்குக் கணிப்பு நடத்திய ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழுக்குச் சுமார் 23 லட்சம் பதில்கள் வந்தன. சூத்திரப்படி பிழை ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. லாண்டன் வெல்வார் என்றது இதழ். 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் எடுத்தார்.