முகத்தின் வெளிச்சமும் நிறமும் சரியா? வேவ்ஃபார்ம், வெக்டர்ஸ்கோப் பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி

ஒரு நேர்காணல் வீடியோவை இரவில் உட்கார்ந்து கலர் கரெக்‌ஷன் செய்து முடித்தேன். மாநிறப் பெண், வெள்ளைக் காலர் வைத்த சட்டை. பின்னால் ஏறக்குறைய கறுப்பான சுவர், ஃபிரேமின் இடது ஓரத்தில் ஜன்னல். மானிட்டரில் முகம் பளிச்சென்று தெரிந்தது, நிறமும் இயல்பாகத்தான் பட்டது. மறுநாள் பகலில் அதே மானிட்டரில் அதே ஃபைலைத் திறந்தால் முகம் மங்கிப்போய், பச்சை ஏறிய மாதிரி இருந்தது.

ஃபைல் மாறவில்லை, என் கண்தான் மாறியிருந்தது. கறுப்புக்கு நடுவே இருக்கும் எதுவும் உள்ளதைவிட வெளிச்சமாகத் தெரியும். இருட்டறையில் இன்னும் கூடுதலாகத் தெரியும். நிறத்திலும் இதே கதைதான். ஒரே சாயம் ஏறிய படத்தைச் சில நிமிடம் தொடர்ந்து பார்த்தால், மூளை அந்தச் சாயத்தைக் கழித்துவிட்டு ‘இதுதான் வெள்ளை’ என்று எடுத்துக்கொள்ளும். ஸ்கோப் இப்படிப் பழகிப்போகாது. சிக்னலில் இருக்கும் எண்ணை அப்படியே வரைந்து காட்டும்.

அந்த ஷாட்டை ஸ்கோப் வைத்து மறுபடி சரிசெய்ததை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். நான் பயன்படுத்தியது டாவின்சி ரிசால்வ். இலவசப் பதிப்பே போதும். வேறு மென்பொருளில் பொத்தான்களின் இடம் மாறும், ஸ்கோப்பைப் படிக்கும் முறை மாறாது.

படி 1: முதலில் படத்தைச் சாதாரணத் திரைகளுக்கான வண்ண அளவான ரெக்.709-க்குக் கொண்டுவாருங்கள்

பின்னால் திருத்துவதற்காக வெளிறிய படமாகப் பதிவு செய்யும் லாக் முறையில் எடுத்த ஃபுட்டேஜ் என்றால் இதைச் செய்யாமல் ஸ்கோப்பைத் திறக்காதீர்கள். உதாரணமாக சோனியின் எஸ்-லாக்3-இல், சரியாக எக்ஸ்போஸ் செய்த வெள்ளைத் தாள்கூட 0 முதல் 1023 வரை போகும் 10-பிட் அளவில் 598-இல்தான் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு ‘வெளிச்சம் போதவில்லை’ என்று ஏற்றினால் படம் கெடும். கீழே வரும் எண்கள் எல்லாம் ரெக்.709-க்கு மாற்றிய படத்துக்கானவை.

படி 2: ஸ்கோப்பைத் திறந்து படிக்கப் பழகுங்கள்

Color பக்கத்தில் Workspace > Video Scopes வழியாக ஸ்கோப்புகளைத் திறந்து, ஒன்றில் வேவ்ஃபார்மும் மற்றொன்றில் வெக்டர்ஸ்கோப்பும் வையுங்கள். வேவ்ஃபார்ம் அமைப்பில் Y மட்டும் இருக்கட்டும். வெக்டர்ஸ்கோப் அமைப்பில் Show Skin Tone Indicator-ஐ இயக்குங்கள்.

வேவ்ஃபார்மின் இடமிருந்து வலம் என்பது படத்தின் இடமிருந்து வலமேதான். உயரம் மட்டும் படத்தின் உயரம் இல்லை, அது வெளிச்சத்தின் அளவு. அடியில் 0 கறுப்பு, உச்சியில் 1023 வெள்ளை. படத்தில் ஒரு செங்குத்துக் கோட்டில் இருக்கும் கூரை, முகம், சட்டை, மேஜை எல்லாம் வேவ்ஃபார்மில் ஒரே நெடுவரிசையில் வந்து விழும். அதனால், நடுவில் ஒரு புள்ளிக்கூட்டம் தெரிந்தால் அது முகமா சட்டையா என்று அதை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. வழி அடுத்த படியில் இருக்கிறது.

வெக்டர்ஸ்கோப்பில் இடமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. நிறம் மட்டும்தான். நட்டநடுப் புள்ளி என்றால் நிறமே இல்லை. வெள்ளை, சாம்பல், கறுப்பு மூன்றும் அங்கேதான் விழும். நடுவிலிருந்து எந்தத் திசையில் புள்ளிகள் நீள்கின்றனவோ அது எந்த நிறம் என்பதைச் சொல்லும். எவ்வளவு தூரம் நீள்கின்றனவோ அது அடர்த்தி. சிவப்பு ஏறக்குறைய மேலே இருக்கும், மஞ்சள் இடப்பக்கம், பச்சை இடதுகீழே, மெஜந்தா வலதுமேலே. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே, கடிகாரத்தில் 11 மணி முள் நிற்கும் திசையை ஒட்டி ஒரு கோடு ஓடும். அதுதான் ஸ்கின் டோன் கோடு.

வெளுப்போ கறுப்போ, எல்லோருக்கும் ஒரே கோடு எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். தோலின் நிறத்தைத் தீர்மானிப்பவை முக்கியமாக மெலனினும் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினும். மெலனினின் அளவு ஆளுக்கு ஆள் மாறும்போது தோலின் வெளிச்சமும் அடர்த்தியும் நிறைய மாறுகின்றன. நிறத்தின் திசை கொஞ்சம்தான் மாறுகிறது. அந்தத் திசையைத்தான் கோடு காட்டுகிறது.

படி 3: முகத்தை மட்டும் தனியே பிரித்தெடுங்கள்

ரிசால்வில் திருத்தங்களை வைக்கும் ஒவ்வொரு பெட்டியும் ஒரு நோட். Alt+S அழுத்தி இரண்டாவதாக ஒரு நோட் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில், படத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுக்கும் பவர் விண்டோவை வட்ட வடிவில் முகத்தின் மேல் வரையுங்கள். நெற்றி, கன்னம், மூக்கு உள்ளே வந்தால் போதும். முடியும் உதடும் வேண்டாம். உதட்டின் சிவப்பு அளவீட்டைச் சிவப்புப் பக்கம் இழுத்துவிடும். இப்போது முகத்துக்கு வெளியே உள்ளது தேர்வாகும்படி விண்டோவைத் தலைகீழாக்கி, வெளிச்சத்தைப் பெருக்கும் Gain-ஐ பூஜ்ஜியத்துக்கு இறக்குங்கள். முகத்தைத் தவிர மற்றதெல்லாம் கறுப்பாகும். அந்தக் கறுப்பு வேவ்ஃபார்மில் தரையோடு தரையாகவும், வெக்டர்ஸ்கோப்பில் நடுப்புள்ளியிலும் ஒதுங்கிவிடும். மிச்சம் தெரிவது முழுக்க முகம்.

திருத்தங்கள் அனைத்தையும் முதல் நோடில் செய்யுங்கள். இரண்டாவது நோட் வெறும் அளவுகோல்தான். அதைத் தேர்ந்தெடுத்து Ctrl+D அழுத்தினால் அணையும், மறுபடி அழுத்தினால் வரும். எக்ஸ்போர்ட் செய்யும்முன் அதை அணைக்க மறந்தால், கறுப்பில் மிதக்கும் முகம் மட்டும்தான் வீடியோவில் வரும்.

படி 4: வெளிச்சத்தை முதலில் சரிசெய்யுங்கள்

நிறத்துக்கு முன் வெளிச்சம். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது: Gain-ஐ ஏற்றினால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே மடங்கில் பெருகும். அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசமும் பெருகும், வெக்டர்ஸ்கோப்பில் புள்ளிகள் இன்னும் வெளியே நீளும். நிறத்தின் அடர்த்தியை முதலில் சரிசெய்திருந்தால் அந்த வேலை வீண்.

முகத்தில் பார்க்க வேண்டியது வெளிச்சம் படும் பக்கத்து நெற்றியும் கன்ன எலும்பும். எண்ணெய்ப் பசையால் மின்னும் சிறு புள்ளிகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். வேவ்ஃபார்மில் கூட்டத்தைவிட்டு மேலே சிதறி நிற்பவை அவைதான். சாதாரண வெளிச்சத்தில் எடுத்த நேர்காணலுக்கு நான் வைத்திருக்கும் அளவு இது: வெளுத்த தோல் 600 முதல் 700 வரை, மாநிறம் 460 முதல் 610 வரை, கறுத்த தோல் 320 முதல் 500 வரை. இது சட்டம் இல்லை, தொடங்குவதற்கான இடம். கறுத்த முகத்தை 650-க்கு ஏற்றுவது திருத்தம் ஆகாது. அந்த மனிதரின் தோலையே மாற்றுவதாகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

என் ஷாட்டில் முகத்தின் வெளிச்சப் பக்கம் 350-இல் நின்றது. இரவில் பளிச்சென்று தெரிந்தது இதுதான். 540 அளவுக்குக் கொண்டுபோக நினைத்தேன். இரண்டாவது நோடை அணைத்து முழுப் படத்தையும் பார்த்தபோது, இடது ஓரத்தில் ஜன்னல் ஏற்கெனவே 1000-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. Gain-ஐ ஏற்றினால் ஜன்னல் 1023-இல் முட்டித் தட்டையாகும். அதனால் Gamma-வை ஏற்றினேன். அது நடுத்தர வெளிச்சத்தை அதிகம் உயர்த்தும், உச்சியை அதிகம் அசைக்காது. முகம் 540-க்கு வந்தது, ஜன்னல் இருந்த இடத்திலேயே நின்றது. கறுப்புச் சுவர் கொஞ்சம் வெளுத்ததால், இருண்ட பகுதிகளை அசைக்கும் Lift-ஐ ஒரு துளி இறக்கினேன். முகமும் சற்று இறங்க, Gamma-வை மறுபடி தொட்டேன். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும், இரண்டு மூன்று முறை போய்வர வேண்டியிருக்கும்.

உங்கள் ஷாட்டில் ஜன்னலோ நெற்றியோ மேலே கத்தியால் வெட்டியதுபோல நேர்க்கோடாக நின்றால், Gain-ஐ இறக்கிப் பாருங்கள். கோடு விரிந்து புள்ளிகளாகப் பிரிந்தால் விவரம் உள்ளே இருக்கிறது. கோடு கோடாகவே கீழே இறங்கினால் கேமராவிலேயே விவரம் போய்விட்டது. அதை மீட்க முடியாது, இறக்கினால் அழுக்குச் சாம்பல்தான் மிஞ்சும்.

படி 5: இப்போது நிறம்

இரண்டாவது நோடை மறுபடி இயக்கி வெக்டர்ஸ்கோப்பைப் பாருங்கள். முகம் ஒரு சிறு வால்போல நடுவிலிருந்து நீண்டிருக்கும். என் ஷாட்டில் அந்த வால் ஸ்கின் டோன் கோட்டைவிட்டு மஞ்சள்-பச்சைப் பக்கம் சாய்ந்திருந்தது. அறையில் எரிந்த டியூப் லைட்டின் வேலை. வால் கோட்டுக்கு மேலே சிவப்பு, மெஜந்தா பக்கம் போயிருந்தால் அது எதிர்த்திசைப் பிழை.

பச்சைக்கு எதிர் மெஜந்தா. அதனால் முதல் நோடில் Tint-ஐ மெஜந்தா பக்கம் மெதுவாக நகர்த்தினேன், வால் கோட்டை நோக்கித் திரும்பியது. கோட்டில் வந்து உட்கார்ந்ததும் உடனே நம்பிவிடவில்லை. விண்டோவைச் சட்டைக் காலருக்கு நகர்த்தினேன். வெள்ளைத் துணி நடுப்புள்ளியில் குவிய வேண்டும், குவிந்தது. முகம் கோட்டிலும் வெள்ளை நடுவிலும் ஒரே அமைப்பில் நின்றால் ஒயிட் பேலன்ஸ் சரி என்று தைரியமாகச் சொல்லலாம். முகம் கோட்டில் இருந்து வெள்ளை மட்டும் நீலம் பக்கம் ஒதுங்கினால், அந்தத் துணி உண்மையில் வெள்ளைதானா என்று யோசியுங்கள். சலவை நீலம் ஏறிய சட்டைகள் பல முறை ஏமாற்றும்.

வாலின் நீளத்துக்கு ஒரே எண் கிடையாது. நடுவிலிருந்து, வெக்டர்ஸ்கோப்பில் சிவப்பைக் குறிக்கும் பெட்டிக்கு உள்ள தூரத்தில் பாதியைத் தாண்டினால் முகம் ஆரஞ்சாகத் தெரியத் தொடங்கும். நடுப்புள்ளியை ஒட்டிச் சுருங்கினால் சாம்பல் பூத்துவிடும். வெளிச்சம் ஏற்றியதில் என் ஷாட்டின் வால் கொஞ்சம் நீண்டிருந்தது, Saturation-ஐ 50-இலிருந்து 46-க்கு இறக்கினேன்.

எங்கே ஸ்கின் டோன் கோட்டைப் பின்பற்றக் கூடாது

மாலை வெயிலில் நிற்கும் முகம் கோட்டில் இருக்காது, இருக்கவும் கூடாது. நீல விளக்கில் எடுத்த இரவுக் காட்சியும் அப்படித்தான். அவற்றைப் பிடித்துக் கோட்டில் கட்டினால் அந்த விளக்கே இல்லாததுபோல ஆகிவிடும். கனமான மேக்கப் போட்ட முகத்தில் ஸ்கோப் படிப்பது மேக்கப்பின் நிறத்தை. அங்கே கழுத்தையும் கையையும் அளந்து பாருங்கள். ஜன்னல் ஒரு பக்கம், டியூப் லைட் மறுபக்கம் என்று கலந்திருந்தால் வால் இரண்டாகப் பிரிந்து தெரியும். ஒரே Tint இரண்டையும் சேர்க்காது. வெளிச்சம் அதிகம் படும் பக்கத்தைக் கோட்டில் வைத்துவிட்டு, நிழல் பக்கத்துக்குத் தனி விண்டோ போட வேண்டும்.

அதே நேர்காணலில் இரண்டாவது கேமரா ஷாட்டும் இருந்தது. அதில் முகம் 450-இல் நின்றது. இரண்டு ஷாட்டையும் தனித்தனியே பார்த்தால் குறை தெரியாது, வெட்டி ஒட்டினால் முகம் சட்டென்று மங்கும். அதே விண்டோவை அந்த ஷாட்டிலும் போட்டு, 540 வரும்வரை Gamma-வை ஏற்றி, வால் அதே சாய்வில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு ஷாட்டிலும் அளவுகோல் நோடை அணைத்த பிறகுதான் எக்ஸ்போர்ட் கொடுத்தேன்.