ஊடகச் சோதனை ஆய்வு: வினாவிலும் கருதுகோளிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இதழியல் முதுகலை மாணவர்கள் ஆய்வுக்குக் கொண்டுவரும் தலைப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ‘ராமநாதபுரம் கடலோரக் கல்லூரி மாணவர்களிடம் ஊடகங்களின் தாக்கம்’. நூலின் அட்டையில் போட இது போதும். சோதனை செய்ய இது போதாது. எந்த ஊடகம், அதில் எந்த அம்சம், எதன் மீது தாக்கம் என்று எதுவுமே இதில் இல்லை. சோதனை என்றால் ஒரே ஒரு அம்சத்தை மட்டும் மாற்றி இரண்டு குழுக்களுக்குக் கொடுத்து, அதனால் வரும் மாற்றத்தை அளப்பது. ஆய்வு வினாவைப் படித்த உடனேயே எதை மாற்றப்போகிறோம், எதை அளக்கப்போகிறோம், யாரிடம் என்ற மூன்றும் தெரிந்துவிட வேண்டும்.

இந்தத் தலைப்பையே ஒழுங்குபடுத்திப் பார்ப்போம். பாக் விரிகுடாவில் மீன்வரத்து குறைவதைப் பற்றி வரும் செய்திகளை எடுத்துக்கொள்ளலாம். இழுவை மடி, கடற்புல் அழிவு, விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் உள்ள தகராறு எல்லாம் இங்குள்ள மாணவர்கள் வீட்டிலும் தெருவிலும் கேட்டு வளர்ந்தவை. இதே செய்தியை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, பாம்பன் பக்கம் நாட்டுப்படகு வைத்திருக்கும் ஒருவரின் கதை. இன்னொன்று, விதிகள், தடைக்காலம், அரசின் திட்டங்கள் என்று பொதுப் பின்னணியில் சொல்வது. அரசியல் தொடர்பியல் ஆய்வாளர் ஷாந்தோ அய்யங்கார் 1991-ல் வெளியிட்ட ஆய்வு இந்த வேறுபாட்டைத்தான் தொலைக்காட்சிச் செய்திகளில் சோதித்தது. தனிச் சம்பவமாகக் காட்டும்போது பார்ப்பவர்கள் பொறுப்பைத் தனிமனிதர் மீதும், பின்னணியோடு காட்டும்போது சமூகம், அரசு மீதும் வைக்கும் போக்கை அவர் கண்டார். ஆனால் அது எல்லாத் தலைப்பிலும் ஒரே மாதிரி இருக்கவில்லை. அதனால் நம் தலைப்பில் என்ன ஆகும் என்று கேட்பதில் பொருள் இருக்கிறது.

இப்போது வினா இப்படி ஆகிறது: ‘மீன்வரத்துக் குறைவு பற்றிய செய்தியை ஒருவரின் கதையாகப் படிக்கும் கல்லூரி மாணவர்களும் பொதுப் பின்னணியாகப் படிக்கும் கல்லூரி மாணவர்களும் அதற்கான பொறுப்பை யார் மீது வைக்கிறார்கள் என்பதில் வேறுபடுகிறார்களா?’

வினா சரியாக இருந்தாலும் செய்திகளை எழுதும்போது அது கெட்டுப்போகும். கதை வடிவம் இப்படித் தொடங்கும்: ‘விடிவதற்குள் வலையை இழுத்தவருக்குக் கிடைத்தது அரைக் கூடை மீன். டீசல் காசுக்கே கட்டவில்லை என்றார்.’ பின்னணி வடிவம் இப்படி: ‘கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அதற்குப் பிறகும் மீன்வரத்து கூடவில்லை என்று மீனவர்கள் சொல்கிறார்கள்.’ முதலாவதில் வறுமை இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. முதலாவதற்கு ஒரு முதியவரின் படம், இரண்டாவதற்குப் படமே இல்லை என்றால் இன்னும் மோசம். கடைசியில் வேறுபாடு கிடைத்தாலும் அது சொல்லும் விதத்தால் வந்ததா, இரக்கத்தால் வந்ததா, படத்தால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் காரணமாகச் சொல்லப்படும் தகவல், நீளம், படம் மூன்றும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். டீசல் செலவு ஒன்றில் வந்தால் மற்றதிலும் வரட்டும். ஒன்றில் ஒருவர் வாய்ச்சொல்லாக, மற்றதில் பொதுவான நிலவரமாக. கருதுகோளில் ‘உணர்ச்சிகரமான செய்தி’ என்று எழுதிவிட்டு, சோதிப்பது தனிமனிதக் கதையாக இருந்தால் அதுவும் இதே குழப்பம்தான்.

அடுத்தது கருதுகோள். நம் பக்கத்து ஆய்வேடுகளில் பழகிப்போன வாக்கியம் ஒன்று உண்டு: ‘இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.’ இது சுழிக் கருதுகோள். புள்ளியியல் சோதனைக்காக வைத்துக்கொள்ளும் தொடக்கப்புள்ளி இது. ஆய்வாளர் எதிர்பார்ப்பது இதுவல்ல. இதை மட்டும் எழுதிவைத்தால் எந்தப் பக்கம் வேறுபாடு வரும், ஏன் வரும் என்று சொல்ல வேண்டிய கடமையிலிருந்து தப்பித்துவிடுகிறோம். வேறுபாடு தெரியாதபோது ‘கருதுகோள் ஏற்கப்பட்டது’ என்று முடிப்பது அடுத்த தவறு. வேறுபாடு தென்படாததற்கு ஆட்கள் போதாததும் காரணமாக இருக்கலாம்.

நான் எழுதச் சொல்வது இப்படி: ‘தனிமனிதக் கதையாகப் படித்த மாணவர்கள், பின்னணியாகப் படித்தவர்களைவிட, மீன்வரத்துக் குறைவுக்கு மீனவர்களை அதிகமாகப் பொறுப்பாக்குவார்கள்.’ அரசின் பொறுப்பைத் தனிக் கேள்வியாக அளந்தால் அதற்குத் தனிக் கருதுகோள் வேண்டும். ‘மீனவர்களை அதிகமாகவும் அரசைக் குறைவாகவும்’ என்று ஒரே வாக்கியத்தில் கட்டினால், ஒன்று பலித்து மற்றது பலிக்காதபோது என்ன முடிவு சொல்வது? ‘கதை படித்தவர்கள் அதைக் கதை போல உணர்வார்கள்’ என்பதையும் சிலர் கருதுகோளாகப் போடுகிறார்கள். அது நாம் எழுதிய செய்தி நாம் நினைத்தபடி அமைந்ததா என்று பார்க்கும் சரிபார்ப்பு மட்டுமே. தேவைதான், ஆனால் ஆய்வின் கண்டுபிடிப்பு அல்ல.

இந்தக் கடற்கரையில் அதிகம் சறுக்கும் இடம் மாணவர்களின் பின்புலம். ஒரே வகுப்பில் மண்டபம், தங்கச்சிமடத்தைச் சேர்ந்த மீனவக் குடும்பத்துப் பிள்ளையும் இருப்பார், முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் மிளகாய் பயிரிடும் வீட்டுப் பிள்ளையும் இருப்பார். மீனவக் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்த விஷயத்தில் ஏற்கனவே உறுதியான கருத்து இருக்கும். ஒரு செய்தி படித்து அது எளிதில் அசையாது. ‘மீனவக் குடும்பத்து மாணவர்களிடம் தாக்கம் இருக்காது, மற்றவர்களிடம் இருக்கும்’ என்று எழுதி, இரண்டு பிரிவையும் தனித்தனியாகச் சோதித்து, ஒன்றில் வேறுபாடு தெரிந்தது, மற்றதில் தெரியவில்லை, ஆகவே கருதுகோள் சரி என்கிறார்கள். இது தப்பு. இரண்டு பிரிவுகளின் தாக்கத்தையும் நேரடியாக ஒன்றோடொன்று ஒப்பிட்டிருக்க வேண்டும். கருதுகோளும் அப்படியே இருக்கட்டும்: ‘இந்த வேறுபாடு மீனவக் குடும்பத்து மாணவர்களிடம் மற்றவர்களைவிடக் குறைவாக இருக்கும்.’

இதற்கு விலை உண்டு. 7 புள்ளி அளவுகோலில் விடைகளின் திட்டவிலக்கம் 1.5 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு குழுக்களுக்கு இடையே 0.75 புள்ளி வேறுபாடு உண்மையிலேயே இருந்தால், அதைக் கண்டுபிடிக்க 80 சதவீத வாய்ப்பு வேண்டுமானால் குழுவுக்கு 64 பேர் தேவை, மொத்தம் 128. இரண்டு பிரிவுகளின் தாக்கங்களுக்கு இடையே அதே 0.75 வித்தியாசத்தைக் காண அதைப்போல நான்கு மடங்கு, ஏறத்தாழ 512 பேர், அதுவும் இரு பிரிவிலும் சம எண்ணிக்கையில் வேண்டும். ஒரு கல்லூரியில் 120 மாணவர்கள்தான் கிடைப்பார்கள் என்றால் இதைக் கருதுகோளாக வைக்காமல், ‘குடும்பப் பின்புலம் இந்தத் தாக்கத்தை மாற்றுகிறதா என்பதற்குத் தொடக்கக் குறிப்பு கிடைக்கிறதா?’ என்று துணை வினாவாக வைப்பதே நேர்மை. அதோடு, குடும்பத்தை நாம் குலுக்கிப் பிரித்துக் கொடுக்கவில்லை. அந்தப் பிரிவுகளுக்குள் தெரியும் வித்தியாசம் தொழிலால் வந்ததா, வருமானத்தால் வந்ததா என்று இந்தச் சோதனை சொல்லாது.

வரலாறு வகுப்புக்கு ஒரு செய்தி, இயற்பியல் வகுப்புக்கு இன்னொன்று என்று கொடுத்துவிட்டு ‘சமவாய்ப்பு முறை’ என்று எழுதுவதையும் பார்க்கிறேன். ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாகக் குலுக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே எழுதிய கருதுகோள் எதையும் இந்தத் தரவு சோதிக்காது.

கருதுகோளில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதும் முக்கியம். ‘மக்கள்’, ‘மீனவர்கள்’ என்று எழுதிவிட்டு 19 வயது மாணவர்களை அளந்தால் அந்த வாக்கியம் உண்மையாகாது. புயல் எச்சரிக்கைக் கூண்டு பற்றிய செய்தியைக் கொடுத்து ‘கடலுக்குப் போவீர்களா?’ என்று மாணவரிடம் கேட்பதும் இதே வகைதான். படகை எடுப்பது அவர் முடிவல்ல. ‘இந்தச் செய்தியை வீட்டுக்கு அனுப்புவீர்களா?’ என்று கேட்கலாம், அதை அவர் உண்மையிலேயே செய்வார். மீனவர் கைது பற்றிய செய்தியை மட்டும் முதல் சோதனைக்கு எடுக்காதீர்கள். படிக்கும் மாணவரின் உறவினரே அதில் இருக்கலாம்.

தரவு வந்த பிறகு கருதுகோளைத் திருத்தாதீர்கள். முதல் மாணவர் படிவத்தை நிரப்புவதற்கு முன்பே வினா, கருதுகோள்கள், எத்தனை பேர், எந்தச் சோதனை என்பதை எழுதி osf.io தளத்தில் தேதியோடு பதிந்துவிடுங்கள். பிறகு கிடைக்கும் எதிர்பாராத விஷயங்களை, எதிர்பாராமல் கிடைத்தவை என்ற தலைப்பிலேயே தனியாக எழுதுங்கள்.