பராமரிப்புத் தொகையை மாற்றக் கேட்கும்போது செய்யக்கூடாதவை

வேலை போனதும் பலர் செய்யும் முதல் தவறு, மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ தரும்படி சிங்கப்பூர் நீதிமன்றம் உத்தரவிட்ட பராமரிப்புத் தொகையைத் தாங்களாகவே குறைத்துவிடுவதுதான். நீதிமன்றம் மாற்றும்வரை பழைய உத்தரவே செல்லும். குறைத்துக் கட்டிய தொகை மாதாமாதம் பாக்கியாகச் சேரும்.

ஒரு கணக்கு பார்ப்போம். மனைவிக்கு மாதம் 800 வெள்ளி தரவேண்டும் என்பது உத்தரவு. 5,200 வெள்ளி சம்பளம் வாங்கிய கணவர் மார்ச்சில் ஆட்குறைப்பில் வேலை இழக்கிறார். ஏப்ரலிலிருந்து 400 வெள்ளி மட்டும் அனுப்பிவிட்டு, ஆகஸ்ட் இறுதியில்தான் விண்ணப்பிக்கிறார். அதற்குள் பாக்கி 2,000 வெள்ளி. “பரவாயில்லை, 400 போதும்” என்று மனைவி வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தாலும் உத்தரவு தானாக மாறிவிடாது. பாக்கிக்காக மனைவி அமலாக்க விண்ணப்பம் போட்டால் சம்பளப் பிடித்தம், அபராதம் போன்றவை வரலாம். கட்டத் தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறையும் விதிக்க முடியும். ஏப்ரலிலேயே விண்ணப்பித்து, ஆட்குறைப்பு இழப்பீட்டிலிருந்து முடிந்ததைக் கட்டி வந்திருந்தால் அவருடைய நிலை எவ்வளவோ மேல்.

எங்கே விண்ணப்பிப்பது என்பதிலும் குழப்பம் உண்டு. திருமண வாழ்வின்போது குடும்ப நீதிமன்றத்தில் பெற்ற உத்தரவு என்றால் நீதிமன்றத்தின் iFAMS இணையத்தளத்தில் சிங்பாஸ் வழியாக நுழைந்து விண்ணப்பிக்கலாம். விவாகரத்தில் வந்த உத்தரவு என்றால் அந்த வழக்கிலேயே, பிரமாண வாக்குமூலத்தோடு கேட்கவேண்டும். இருவரும் சம்மதித்துப் பெற்ற உத்தரவையும் மாற்றக் கேட்கலாம்.

அடுத்தது, விண்ணப்பமே தோற்க வழக்கமான காரணம்: இன்றைய கஷ்டத்தை மட்டும் எழுதுவது. நீதிமன்றம் பார்ப்பது, உத்தரவு வந்த நாளுக்கும் இன்றைக்கும் இடையே நிலைமை கணிசமாக மாறியிருக்கிறதா என்பதைத்தான். “விலைவாசி ஏறிவிட்டது” என்ற ஒரு வரி போதாது. அன்றைய வரவு செலவு ஒரு பத்தியில், இன்றையது பக்கத்தில் என அட்டவணை போடுங்கள். கணவர் தரப்பில் ஆட்குறைப்புக் கடிதம், மத்திய சேமநிதிப் பங்களிப்பு விவரம், வருமான வரிக் கணக்கீட்டு அறிக்கை, வேலை தேடி அனுப்பிய விண்ணப்பங்கள் தேவை. வேலையைத் தானே விட்டவர் ஏன் விட்டார் என்றும் விளக்கவேண்டும். சம்பாதிக்கும் திறன் இருக்கிறதே என்ற கேள்வி கண்டிப்பாக வரும். கூடுதல் கேட்கும் மனைவிக்கும் இதே அளவுகோல்தான்: புதிய வாடகை ஒப்பந்தம், மருத்துவமனை ரசீதுகள், வேலை நேரம் குறைந்ததற்கான கடிதம்.

வருமானத்தை மறைக்கலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும். 2025 ஜனவரியிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்த அமலாக்க முறையில், அதிகாரிகள் வங்கிகளிடமும் அரசு அமைப்புகளிடமும் நேரடியாக விவரம் கேட்க முடியும்.

பிள்ளைகளுக்கான தொகை தனி. எந்தத் தொகையை, எவ்வளவாக, எந்த மாதத்திலிருந்து மாற்றக் கேட்கிறீர்கள் என்று விண்ணப்பத்தில் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.